எந்தக் கௌண்டரில் எந்தப் பாஸ்போட்

கல்குடா.

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. உன் இரட்டைப் பிரஜாவுரிமைச் சான்றிதழும் புதிய இலங்கைப் பாஸ்போட்டும் கைக்கு வந்துவிட்டன என்று அம்மா நேற்றுச் சொன்னாள். தம்பியின் கலியாணத்துக்கு வருகிறாய், இடையில் கூறைச்சேலை எடுக்கச் சென்னைக்கும் போய்வரப் போகிறாய் என்றும் சொன்னாள். கேட்க மனம் நிறைந்தது. ஆனால் அம்மா இன்னொன்றும் சொன்னாள்: "இனி அவளுக்கு இலங்கைப் பாஸ்போட் இருக்குத்தானே, கனடாப் பாஸ்போட்டைக் கொண்டுவந்து துலைக்காமல் வீட்டில வச்சிட்டு வரட்டும்." அதைக் கேட்டதும் எழுந்த பயத்தில்தான் இதை எழுதுகிறேன். மட்டக்களப்பு டவுனில் இருபத்திரண்டு வருடம் டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் நான். இந்த ஒரு பிழையால் கட்டுநாயக்காவில் அழுதுகொண்டு நின்றவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் என் ஒன்றுவிட்ட அண்ணன்.

அவர் கதையை முதலில் சொல்கிறேன். 2017 தொடக்கத்தில் பெரியம்மா மோசம் போனா. அண்ணன் ரொறன்ரோவில் இருந்தார். கனடாப் பாஸ்போட் காலாவதியாகிக் கிடந்தது, புதுப்பிக்க நேரமில்லை. கையில் நல்ல இலங்கைப் பாஸ்போட் இருந்தது. உன்னைப்போல முறைப்படி இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தவர். அதைக் காட்டித் திரும்பிவரும் டிக்கெட்டோடு விமானம் ஏறினார். ரொறன்ரோவில் யாரும் தடுக்கவில்லை. தடுக்கக் காரணமும் இல்லை: விமானம் போவது கொழும்புக்கு, ஆள் இலங்கைப் பிரஜை, அவரைக் கொழும்பு ஏற்றுக்கொள்ளும். கனடாவிலிருந்து வெளியேறும்போது அரசாங்க அதிகாரி யாரும் பாஸ்போட்டைப் பார்ப்பதில்லை. அதனால் அவருடைய குறையை அங்கே காண யாரும் இருக்கவில்லை. செத்தவீடு முடித்து, எட்டுச் செலவும் முடித்து, கட்டுநாயக்காவுக்குத் திரும்பிப் போனார். கௌண்டரில் இருந்த பிள்ளை அவருடைய இலங்கைப் பாஸ்போட்டை வாங்கிக் கணினியில் அடித்தது. இலங்கைப் பிரஜை கனடாவுக்குப் போக விசா வேண்டும் என்று திரையில் வந்தது. அண்ணன் சட்டைப்பையிலிருந்து கனடியக் குடியுரிமை அட்டையை எடுத்துக் காட்டினார். "இது பயணப் பத்திரம் இல்லை, ஐயா" என்றது பிள்ளை. நிரந்தர வதிவிட அட்டையும் இல்லை. குடியுரிமை எடுத்தவருக்கு அது செல்லாது. விமானம் அவரை விட்டுவிட்டுப் போனது.

அந்தப் பிள்ளையில் பிழையே இல்லை. 2016 நவம்பர் 10இலிருந்து கனடா இதை இறுக்கிவிட்டது: கனடியப் பிரஜை வேறு நாட்டுப் பாஸ்போட்டும் வைத்திருந்தாலும், விமானத்தில் கனடாவுக்குப் போவதென்றால் செல்லுபடியாகும் கனடாப் பாஸ்போட்டைக் காட்டித்தான் ஏற வேண்டும். அமெரிக்கப் பாஸ்போட்டும் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. விசா தேவைப்படாத நாட்டுப் பாஸ்போட் உள்ளவர்கள் ஒரு விசேட அனுமதி கேட்டுப் பார்க்கலாம். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நமக்கு அந்த வாசலும் இல்லை. விசா எடுக்கலாமே என்று அண்ணன் கேட்டார். கனடியனுக்குக் கனடா விசா கொடுக்காது. கொழும்பில் கனடா உயர்ஸ்தானிகராலயத்தில் தற்காலிகப் பாஸ்போட்டுக்கு விண்ணப்பித்து, படம் எடுத்து, அவரை அறிந்தவர்களின் விபரம் கொடுத்து, ஒன்பது நாள் கொழும்பில் காத்துக் கிடந்தார். டிக்கெட்டுக்குப் புதிதாகக் காசு கட்டினார். வேலையிலும் பிரச்சினை வந்தது.

இதில் நீ பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். பயணத்தில் உன் பாஸ்போட்டைக் கேட்கிறவர்கள் இரண்டு வகை, அவர்கள் கேட்கும் கேள்வியும் வேறு வேறு. எல்லையில் இருக்கும் அதிகாரி, "நீ எங்கள் ஆளா, வெளியாளா? வெளியாள் என்றால் எந்த அனுமதியில் வந்தாய்?" என்று பார்க்கிறார். விமானக் கம்பனிக்காரர், "நான் கொண்டுபோய் இறக்கும் நாடு இவரை உள்ளே விடுமா?" என்று பார்க்கிறார். விடாவிட்டால் திருப்பி ஏற்றிவர வேண்டியதும் தண்டப்பணம் கட்ட வேண்டியதும் அந்தக் கம்பனி. அதனால்தான் ஒவ்வொரு நாட்டின் நுழைவு விதியையும் சொல்லும் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் சீட்டுக் கொடுக்கிறார்கள். உன் முகத்தையும் கதையையும் பார்த்துக் கொடுப்பதில்லை. ஆகவே எல்லை அதிகாரிக்கு அவர் நாட்டுப் பாஸ்போட். விமானக் கௌண்டருக்குப் போய் இறங்கும் நாட்டுப் பாஸ்போட். ஒரே விமான நிலையத்தில், இருபது நிமிட இடைவெளியில், இரண்டு பேருக்கு இரண்டு பாஸ்போட் காட்டுவது களவு இல்லை, ஒளிப்பும் இல்லை. நீ சட்டப்படி இரண்டு நாட்டுப் பிரஜை.

இனி உன் பயணத்தையே எடுத்துப் பார்ப்போம். டோகா வழியாக வருகிறாய் என்று வைத்துக்கொள்வோம். ரொறன்ரோக் கௌண்டரில் இலங்கைப் பாஸ்போட்டைக் கொடு. கனடாப் பாஸ்போட்டைக் கொடுத்தால் இலங்கைக்கான ஈ.டி.ஏ. எங்கே என்று கேட்பார்கள். உனக்கு அது தேவையில்லை. திரும்பிவரும் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "கனடாவுக்கு எப்படித் திரும்புவாய்?" என்று கேட்டால் மற்றதைக் காட்டு. டோகாவில் விமானம் மாறும்போது குடிவரவுக் கௌண்டருக்குப் போகத் தேவையில்லை. கட்டுநாயக்காவில் இலங்கையர் வரிசையில் நின்று இலங்கைப் பாஸ்போட்டைக் கொடு.

அந்தக் கௌண்டரை விட்டு நகரமுன் ஒரு வேலை இருக்கிறது. குத்திய முத்திரையைத் திறந்து பார். உன் இலங்கைப் பாஸ்போட்டில் வருகைத் திகதி மட்டும்தான் இருக்க வேண்டும். களைப்பில் இரண்டையும் நீட்டி, அதிகாரி கனடாப் பாஸ்போட்டை எடுத்து வெளிநாட்டவர் என்று முப்பது நாள் அனுமதி குத்திவிட்டால், திணைக்களத்தின் கணினியில் ஒரு கனடிய உல்லாசப் பயணி உள்ளே வந்ததாக இருக்கும். பிறகு நீ இலங்கைப் பாஸ்போட்டில் வெளியேறப் பார்த்தால், இந்தப் பெண் எப்போது உள்ளே வந்தாள் என்று அவர்கள் தேடுவார்கள். அங்கே அந்தக் கனடியப் பயணியோ நாள் கடந்தும் நாட்டுக்குள் இருப்பதாகக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். எதில் உள்ளே வந்தாயோ அதிலேயே வெளியே போ. இது இலங்கைக்கு மட்டுமில்லை, எந்த நாட்டுக்கும் பொருந்தும். முத்திரை பிழையென்றால் அந்தக் கௌண்டரிலேயே மரியாதையாகச் சொல்லித் திருத்து. வாழைச்சேனை தாண்டி வீட்டுக்கு வந்தபிறகு திருத்துவதென்றால் பத்தரமுல்லைக்கு ஒரு முழுநாள் ஓட வேண்டும்.

திரும்பும் நாள்தான் அண்ணன் விழுந்த குழி. கௌண்டரில் கனடாப் பாஸ்போட். பிறகு குடியகல்வு அதிகாரியிடம் இலங்கைப் பாஸ்போட்டும் போர்டிங் பாஸும். "கனடா விசா எங்கே?" என்று அவர் கேட்பது வழமை, பதற வேண்டாம், "டுவல் சிட்டிசன்" என்று சொல்லிக் கனடாப் பாஸ்போட்டையும் சான்றிதழின் பிரதியையும் காட்டு. விமானம் ஏறும் வாசலில் மறுபடியும் கனடாப் பாஸ்போட். டோகாவில் ஏறும்போதும் ரொறன்ரோவில் இறங்கும்போதும் அதுதான். அந்த இரண்டாம் பாஸ்போட்டை மறைக்க நினைக்காதே. உன் கனடாப் பாஸ்போட்டில் பிறந்த ஊர் மட்டக்களப்பு என்றும் பக்கத்தில் `LKA` என்றும் அச்சடித்திருக்கிறது. பார்க்கும் எந்த அதிகாரிக்கும் கதை விளங்கும்.

சென்னைப் பயணத்துக்கு வருவோம். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள், ஏனென்றால் இந்தியாவுக்கு நீ எந்தப் பாஸ்போட்டிலும் வெளியாள். இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்து விசா எடுக்க வேண்டும். என் சொல்லைக் கேட்டால் இலங்கைப் பாஸ்போட்டில் மின்விசா எடு. அப்படி எடுத்தால் கொழும்பில் சீட்டுக் கொடுப்பவர், குடியகல்வு அதிகாரி, சென்னையில் உள்ளே விடுபவர், வெளியே விடுபவர், திரும்ப ஏற்றுபவர், கொழும்பில் வரவேற்பவர் ஆகிய ஆறு பேருக்கும் ஒரே பாஸ்போட்டைக் காட்டிவிட்டு வந்துவிடலாம். கனடாப் பாஸ்போட்டில் விசா எடுத்தால் என்ன ஆகும் என்று பார்: கொழும்பில் விமானக் கௌண்டருக்குக் கனடா, குடியகல்வுக்கு இலங்கை, சென்னையில் இறங்கிக் கனடா. திரும்பும்போது சென்னைக் கௌண்டருக்கு இலங்கை, இந்தியக் குடியகல்வுக்குக் கனடா, கொழும்பில் இலங்கை. செய்ய முடியாதது இல்லை. ஆனால் ஆறு இடத்தில் ஐந்து தடவை மாற்ற வேண்டும், ஒரு இடத்தில் தவறினாலும் விசாரணை. 2023 செப்டம்பரில் இந்தியா கனடியருக்கு விசா கொடுப்பதை நிறுத்தி வைத்ததையும் நினைத்துப் பார். அன்று ரொறன்ரோவில் எத்தனை தமிழர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்கள்.

இந்திய விசா விண்ணப்பத்தில், வேறு செல்லுபடியாகும் பாஸ்போட் வைத்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். ஆம் என்று போட்டுக் கனடாப் பாஸ்போட்டின் இலக்கத்தைக் கொடு. இல்லை என்று எழுதச் சொல்லிப் புத்தி கொடுப்பவர்கள் உண்டு. அவர்களைக் கேளாதே. விண்ணப்பத்தில் பொய் எழுதி, அது பிறகு தெரியவந்தால், அந்த விசா மட்டுமில்லை, அடுத்த விசாவும் போய்விடும்.

உன் மாப்பிள்ளையின் நிலை வேறு, இதை அவருக்கும் வாசித்துக் காட்டு. அவர் திருச்சியில் பிறந்தவர், ஆனால் இந்தியா இரண்டு குடியுரிமையை ஏற்பதில்லை. கனடியரானதும் இந்தியப் பாஸ்போட்டை ஒப்படைத்துவிட்டார். அவர் கையில் இருப்பது ஓ.சி.ஐ. அட்டை, அது பாஸ்போட் இல்லை. அவர் ஒரு நாட்டுக்காரர்தான்: எங்கும் கனடாப் பாஸ்போட், இந்தியாவில் கூடவே ஓ.சி.ஐ. அட்டை. இலங்கைக்கு வர ஈ.டி.ஏ. எடுத்துக்கொண்டு வெளிநாட்டவர் வரிசையில் நிற்க வேண்டும். சென்னையிலிருந்து கொழும்புக்குத் திரும்பி வருவதும் அவருக்குப் புதிதாக உள்ளே வருவதுதான்; அவருடைய அனுமதி இரண்டாம் நுழைவுக்கும் செல்லுமா என்று முன்கூட்டியே பார்க்கட்டும்.

டிக்கெட் போடும்போது என்ன செய்வது என்று கேட்டிருந்தாயாம். டிக்கெட்டில் பதிவாவது உன் பெயர்தான். பாஸ்போட் இலக்கம் தனியே ஒரு தகவல்; எங்கள் திரையில் அது `SSR DOCS` என்ற வரியில் இருக்கும். போய் இறங்கும் நாட்டுக்குப் பயணிகளின் விபரத்தை முன்கூட்டியே அனுப்பத்தான் அதைக் கேட்கிறார்கள். அந்த இலக்கத்தை எத்தனை தடவையும் மாற்றலாம், டிக்கெட் கெடாது. ஆகவே பதியும்போது இலங்கைப் பாஸ்போட் விபரத்தைப் போடு. கொழும்பிலிருந்து திரும்பமுன், இணையத்தில் செக்-இன் திறந்ததும், அதை அழித்துக் கனடாப் பாஸ்போட்டின் இலக்கம், நாடு, முடிவுத் திகதி மூன்றையும் போடு. நாடு என்ற கட்டத்தை மாற்ற மறந்து இலக்கத்தை மட்டும் மாற்றுவது நான் அதிகம் கண்ட பிழை. செக்-இன் நடக்காமல் "கௌண்டருக்கு வரவும்" என்று வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். எல்லாருக்கும் முன்னே கௌண்டருக்குப் போய், அவர்கள் கையாலேயே திருத்தச் சொல்.

பெயரை இப்படி லேசில் மாற்ற முடியாது. நம்முடைய ஆட்களுக்கு உண்மையான ஆபத்து பெயரில்தான் இருக்கிறது. நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பனின் பெயர் முன்னே, நம் பெயர் பின்னே. இலங்கைப் பாஸ்போட்டில் ஒரு வரிசை, கனடாவில் அதிகாரி நிரப்பிய ஒழுங்கில் இன்னொரு வரிசை. கலியாணத்துக்குப் பிறகு கனடாவில் நீ மாப்பிள்ளையின் பெயரையும் சேர்த்துக்கொண்டாய். இங்கே எடுத்த பாஸ்போட் பிறப்புச் சான்றிதழின்படி வந்திருக்கும். படப் பக்கத்தின் அடியில் `P` என்று தொடங்கி `LKA`, `CAN` என்ற நாட்டுக் குறி வரும் வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். நாட்டுக் குறிக்குப் பிறகு முதலில் வருவது குடும்பப் பெயர். பிறகு `<<` என்ற குறி. அதற்குப் பிறகு மற்றப் பெயர்கள். இயந்திரம் வாசிப்பது அந்த வரியைத்தான். இரண்டிலும் `<<` குறிக்கு முன்னும் பின்னும் இருக்கும் பெயர்கள் ஒன்றாக இருந்தால் ஒரு கவலையும் இல்லை. வேறாக இருந்தால் டிக்கெட் போடுவதை நிறுத்தி வை. ஒரே பெயருக்குத்தான் டிக்கெட் போடலாம், நீயோ இரண்டு பெயரில் பயணம் செய்யப் போகிறாய். முடிந்தால் இலங்கைப் பாஸ்போட்டில் கலியாணப் பெயரைச் சேர்க்க விண்ணப்பி. நேரம் போதாதென்றால் கனடாப் பாஸ்போட்டில் உள்ளபடி டிக்கெட் போட்டு, கலியாணச் சான்றிதழைக் கைப்பையில் வைத்திரு. விமானக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று பதிவில் ஒரு குறிப்பும் போடச் சொல்.

கலியாணத்துக்கு வரும் மற்றவர்களுக்கும் சொல்ல ஒன்றிருக்கிறது. இரண்டு பாஸ்போட் வைத்திருக்கும் எல்லாருக்கும் இரண்டு பிரஜாவுரிமை இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இலங்கையர் ஒருவர் தாமாக விரும்பி வேறு நாட்டுப் பிரஜையானால் இலங்கைப் பிரஜாவுரிமை அன்றோடு போய்விடும். அதைத் திரும்பப் பெறவோ முன்கூட்டியே காப்பாற்றவோ விண்ணப்பித்துச் சான்றிதழ் எடுத்தால்தான் இரண்டும் உண்டு. 2011இல் இதை நிறுத்தி 2015இல் திரும்பத் தொடங்கினார்கள். அந்த இடைவெளியில் கனடியரான பலர் பிறகு விண்ணப்பிக்காமலே விட்டுவிட்டார்கள். அவர்களுடைய பழைய இலங்கைப் பாஸ்போட்டில் இன்னும் திகதி மிச்சம் இருக்கலாம். திகதி இருப்பதால் உரிமை இருப்பதாக ஆகாது. அதைக் காட்டி உள்ளே வருவது குற்றம். சான்றிதழ் இல்லாதவர் கனடாப் பாஸ்போட்டில், ஈ.டி.ஏ. எடுத்து வரட்டும். லண்டன் அண்ணாவுக்கும் சொல்: 2026 பெப்ரவரி 25 முதல் பிரித்தானியாவும் கனடாவைப் போல ஆகிவிட்டது. பிரித்தானியப் பிரஜை அந்நாட்டுப் பாஸ்போட்டையோ உரித்துச் சான்றையோ காட்டாமல் இலங்கைப் பாஸ்போட்டை மட்டும் வைத்துக்கொண்டு திரும்ப ஏறுவதை நம்பியிருக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று; இதைச் சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை. நீ இலங்கைப் பாஸ்போட்டில் வந்து இறங்கும் நிமிடத்திலிருந்து இந்த மண்ணில் நீ இலங்கையர். ஏதாவது பிரச்சினை என்றால் கனடா உயர்ஸ்தானிகராலயம் உனக்காக வந்து நிற்கும் என்று நம்பாதே. ஒரு நாட்டுப் பிரஜைக்காக, அந்த நாட்டுக்கு எதிராக, அவருடைய மற்ற நாடு தலையிட முடியாது என்று 1930ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. கனடாப் பாஸ்போட்டில் வந்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் இதே நிலைதான். எங்கள் பகுதியில் எண்பதுகளிலிருந்து நடந்தவை உனக்குத் தெரியும், பயங்கரவாதத் தடைச் சட்டம் என்ற பெயரும் தெரியும். உன்னைப் பயப்படுத்த எழுதவில்லை. இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்கும்போது இந்தப் பக்கத்தை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் எழுதுகிறேன். காணி உறுதி மாற்றவும், ஊரில் எத்தனை மாதமும் விசா இல்லாமல் இருக்கவும் இலங்கைப் பாஸ்போட் உதவும். அதோடு இதுவும் சேர்ந்து வருகிறது.

கல்குடா ஸ்டேசனுக்கு நான் வந்து நிற்பேன். டிக்கெட்டுக்குக் காசு கட்டமுன், இரண்டு பாஸ்போட்டின் படப் பக்கத்தையும் அம்மாவின் போனுக்கு அனுப்பு. அடியில் இருக்கும் அந்த இரண்டு வரிகளும் தெளிவாகத் தெரிய வேண்டும். நான் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு காசைக் கட்டு.

அன்புடன்,
மாமா